விரால் வளர்ந்த கதை: புளுகை ஏற்றிச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் கதை விட ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே இருக்கின்றன. உதாரணத்துக்கு ஒரே ஒரு மீன்: ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டுப் பிடித்த விரால்.

பொய்யும் புளுகுக் கதையும் ஒண்ணுதானே? ரெண்டுமே இல்லாததைச் சொல்றதுதானே?

பொய் சொல்கிறவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. புளுகுக் கதை சொல்கிறவர் மாட்டியே ஆக வேண்டும். ஆனால் எந்த இடத்தில் மாட்டுவது என்பதை அவரே முடிவு செய்து வைத்திருப்பார். கேட்பவர் முதலில் நம்புவார், கொஞ்ச நேரத்தில் புருவத்தைச் சுருக்குவார், பிறகு "அடப்பாவி" என்று சிரிப்பார். இந்த மூன்றும் இந்த வரிசையில் நடந்தால் கதை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பீற்றிக்கொள்வது வேறு ரகம். அதில் மீனைவிட மீன் பிடித்தவர்தான் பெரிதாகத் தெரிவார். அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, எழுந்து போய்விடுவார்கள்.

எடுத்த எடுப்பிலேயே "யானை சைஸ் மீன்"னு ஆரம்பிச்சேன். ஒருத்தரும் சிரிக்கலை. ஏன்?

அதற்கு மேல் ஏற இடமில்லை, அதனால்தான். மீன் எவ்வளவு பெரிது என்பதில் சிரிப்பு இல்லை. போன வாக்கியத்தில் இருந்ததைவிட இந்த வாக்கியத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. யானையில் தொடங்கினால் கேட்பவருக்கு முந்தைய அளவு என்று ஒன்று கிடையாது. ஒப்பிட ஆளில்லாத உயரம் வெறும் சத்தம்.

அதனால் முதல் படி நிஜமாக இருக்க வேண்டும். குளத்து விரால் சாதாரணமாக ஒரு முழம் இருக்கும், எடை ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். இரண்டு முழ விரால் அபூர்வம், ஆனால் நடக்காத காரியம் இல்லை. ஆக, கேட்பவர் இரண்டு முழம் வரைக்கும் உங்களுக்குக் கடன் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அந்தக் கடனை ஒரே வாக்கியத்தில் வாங்கித் தீர்த்துவிடாதீர்கள்.

இனிமேல் வரும் கணக்குக்கு ஒரு நினைவூட்டல்: இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு பாகம். பாகம் என்பது இரண்டு கையையும் முழுக்க விரித்தால் வரும் நீளம். இந்த அளவுகள் எல்லாமே உடம்பிலேயே இருப்பதால் புளுகுக்கு டேப்பைவிட வசதியானவை. யாருடைய முழம் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, ஒரு கதையை முழுசா ஏத்திக் காட்டுங்க.

நடந்தது: காலையில் தவளையைக் கோர்த்துத் தூண்டில் போட்டதில் ஒரு முழ விரால் சிக்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தாயிற்று. அன்று சாயங்காலம் டீக்கடையில் அது ஒரு முழமும் ஒரு சாணும் ஆகிறது. "கூடைக்குள்ள அடங்கலைண்ணே, தலையை மடக்கித்தான் வெச்சேன்." மறுநாள் சலூனில் இரண்டு முழம். "கூடையில வால் வெளிய தொங்குச்சு, வழியில ரெண்டு பூனை பின்னாலயே வந்துச்சு." இதுவரைக்கும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கவும் கூடாது.

ஒரு வாரம் கழித்து மூன்று முழம். "கூடை எதுக்கு ஆவும்? தலையைச் சைக்கிள் கேரியர்ல கட்டிட்டேன். வால் ரோட்டுல தேய்ஞ்சிக்கிட்டே வந்துச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா வால்ல பாதியைக் காணோம்." இங்கேதான் முதல் சிரிப்பு. கேட்பவரின் கடன் தீர்ந்துவிட்டது, அது அவருக்கும் தெரிகிறது. ஆனால் தார் ரோட்டில் தேயும் வால் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அதைத் தள்ளவும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து கல்யாண வீட்டில் கடைசிப் படி. இப்போது நீளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "மீனை வெளிய இழுத்துப் போட்டதும் குளத்துல தண்ணி ஒரு சாண் இறங்கிப்போச்சு. நீர்ப்பாய்ச்சி மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாரு, எவன்டா மடையைத் திறந்துவிட்டதுன்னு." அவ்வளவுதான். மீன் இத்தனை பாகம் என்று சொல்லியிருந்தால் இதில் பாதிச் சிரிப்புகூட வராது.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏத்தணும்? ஏதாவது கணக்கு இருக்கா?

மேலே உள்ள விராலையே பாருங்கள். ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று. முதல் ஏற்றங்கள் அரை முழம்தான், பிறகு ஒரு முழம், அதற்கப்புறம் அளவுகோலே மாறிவிடுகிறது. ஆரம்பத்தில் கஞ்சத்தனமாக ஏற்ற வேண்டும், கேட்பவருக்குச் சந்தேகம் வந்த பிறகு தாராளமாக. சந்தேகம் வருவதற்கு முன்பே இரண்டு மடங்கு ஆக்கினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். சந்தேகம் வந்த பிறகும் அரை அரை முழமாக ஏற்றினால் கொட்டாவி விடுவார்கள்.

படிகள் நான்கு அல்லது ஐந்து போதும். ஆறாவது படிக்குப் போகும்போது, அடுத்து என்ன வரும் என்று கேட்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

ஒரு நுணுக்கம்: நடுவில் ஒரு தடவை இறங்குங்கள். "மூணே முக்கால் முழம் இருக்கும்... சேச்சே, எதுக்குப் பொய் சொல்லணும், மூணு முழந்தான்." முக்கால் முழத்தைத் திருப்பிக் கொடுத்த ஆள் நேர்மையானவராகத் தெரிவார். அந்த நல்ல பெயரில் இன்னும் இரண்டு படி ஏறலாம். இதை ஒரு கதையில் ஒரு முறைதான் செய்ய வேண்டும்.

மூணு முழத்துக்கு மேல நீளத்தை ஏத்தினா எடுபடலை. அப்புறம் எப்படித்தான் பெருசாக்குறது?

நீளத்தை விட்டுவிட்டு, அந்த நீளத்தால் யாருக்கு என்ன தொல்லை வந்தது என்பதற்கு மாறுங்கள். எண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. பத்து முழத்துக்கும் இருபது முழத்துக்கும் மனதில் வித்தியாசமே தோன்றாது. விளைவுக்கு அந்த எல்லை இல்லை. தண்ணீர் இறங்கியது, மடை திறந்த சந்தேகம் வந்தது, அடுத்து இரண்டு ஊருக்கும் பஞ்சாயத்து நடந்தது என்று அது போய்க்கொண்டே இருக்கும். அதோடு இதில் எல்லாமே அன்றாடம் பார்த்த காரியங்கள். நம்ப முடியாத மீனைத் தேடி நம்பக்கூடிய நீர்ப்பாய்ச்சி வருகிறார், இந்த இடிப்புதான் சிரிப்பு.

இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் வாஸ்டேல் ஹெட் என்ற ஊரில் சத்திரம் நடத்திய வில் ரிட்சன் (1808–1890) இதில் பெயர் வாங்கியவர். தன் பள்ளத்தாக்கில் விளையும் டர்னிப் கிழங்கு ரொம்பப் பெரிது என்பது அவர் கதை. எத்தனை அடி என்று அளந்துகொண்டிருக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அதைக் கல் குவாரி மாதிரி குடைந்து எடுப்பார்கள், குடைந்த பள்ளத்தை அப்புறம் ஆட்டுக் கொட்டகையாக வைத்துக்கொள்வார்கள் என்றார். குடைகிற வேலையும் கொட்டகையும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் நினைவாகப் பக்கத்திலுள்ள சாண்டன் பிரிட்ஜில் ஆண்டுதோறும் புளுகுப் போட்டி நடக்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம். அரசியல்வாதிகளும் வக்கீல்களும் கலந்துகொள்ளக் கூடாது, தொழில்முறை ஆட்கள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கையை விரிச்சுக் காட்டலாமா, வேண்டாமா?

காட்டலாம், ஆனால் கைக்கு ஒரு பாகத்துக்கு மேல் விரியத் தெரியாது. முதலிலேயே முழுக்க விரித்துவிட்டால் அடுத்த படியில் கைக்கு வேலை இருக்காது. ஒரு முழத்தில் தொடங்கி, வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டுக்கு விலகட்டும். சொல்கிறவர் கையைப் பார்க்கவே கூடாது. கேட்பவர்தான் பார்க்க வேண்டும்.

கை எட்டாத அளவு வந்தால் மீனின் ஓர் உறுப்பைக் காட்டுங்கள். இதற்குப் பழைய துணுக்கு ஒன்று பல நாடுகளில் உலாவுகிறது. எந்நேரமும் கையை விரித்துப் புளுகும் மீனவனின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டு, "இப்போ சொல்லு பார்க்கலாம்" என்கிறார்கள். அவன் இரண்டு முஷ்டியையும் மூடிக் காட்டி, "கண்ணு மட்டும் இத்தச்சோடு இருந்துச்சு" என்கிறான். கண் முஷ்டி அளவு என்றால் மீன் எவ்வளவு என்ற கணக்கைக் கேட்பவரே போட்டுக்கொள்கிறார். அவர் போடும் கணக்கு எப்போதும் நீங்கள் சொல்வதைவிடப் பெரிதாக இருக்கும்.

"காக்கா காக்காயா வாந்தி எடுத்தான்"ங்கிற கதையும் இதே ரகமா?

ஏறுவது ஒரே மாதிரிதான், ஏற்றுகிற ஆள்தான் வேறு. விரால் கதையில் ஒரே ஆள் பல தடவை ஏற்றுகிறார். காக்கா கதையில் பல ஆட்கள் ஆளுக்கொரு படி ஏற்றுகிறார்கள். ஒருவர் கறுப்பாக வாந்தி எடுத்தார். அடுத்தவர் வாயில் அது காக்கா மாதிரி கறுப்பு. அதற்கடுத்தவர் வாயில் ஒரு காக்காயே வந்தது. கடைசியில் காக்காய் காக்காயாக வந்து பறந்தே போய்விட்டது.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே விழுந்து போனது "மாதிரி" என்ற ஒரே சொல். யாரும் பெரிதாகப் பொய் சொல்லவில்லை, ஒரு உவமை உருபு கழன்றது, அவ்வளவுதான். இந்த உத்தியை ஒற்றை ஆள் கதையிலும் வைக்கலாம். முதல் தடவை "வாலால அறைஞ்ச மாதிரி இருந்துச்சு", இரண்டாம் தடவை "வாலால அறைஞ்சிடுச்சு", மூன்றாம் தடவை "இந்தப் பல்லு அப்போ விழுந்ததுதான்".

இன்னொன்று: காக்கா கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு ஆளையும் முழுமையாகக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு படியை விட்டுவிட்டால் வதந்தியின் முடிவு மட்டும் மிஞ்சும், அது வளர்ந்த விதம் தெரியாது.

ஏற்கெனவே கேட்டவங்க முன்னாடியே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு. மாட்டிக்க மாட்டோமா?

மாட்டுவீர்கள், அதுதான் வேண்டும். மீன் தடவைக்குத் தடவை வளர்கிறது என்பது பழைய கேட்பாளருக்குத்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் மூன்று முழ விரால் வெறும் மூன்று முழ விரால்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மீனைத் தவிர வேறு எதுவும் மாறக் கூடாது. அதே குளம், அதே வேப்பமரத்து நிழல், அதே தவளை, "சூரியன் அப்பத்தான் பனைமரத்து உசரத்துக்கு வந்திருக்கு" என்ற அதே வாக்கியம். எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் வளர்ந்தது மீன் மட்டும் என்று காது கண்டுபிடிக்கும். குளம் ஏரியாகி, தவளை மண்புழுவாகி, காலை சாயங்காலமாகிவிட்டால் சொல்கிறவருக்கு மறதி என்றுதான் நினைப்பார்கள்.

முடிந்தால் கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் குழுவில் இருப்பவர் "ஆமா" போடுவார் இல்லையா, அந்த வேலை. அவர் ஏற்றக் கூடாது. "ஆமா, அந்தக் கூடையை இப்பவும் எங்க வீட்டுலதான் வெச்சிருக்கோம்" என்று சின்ன விஷயத்துக்கு மட்டும் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டு பேரும் போட்டி போட்டு ஏற்றினால் கதை சந்தை இரைச்சலாகிவிடும்.

நடுவுல ஒருத்தன் "டேய் போதும், ரீல் விடாதே"ன்னு மடக்கினா என்ன பண்றது?

"சத்தியமா" என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கே கதை செத்து வழக்கு ஆரம்பமாகும். மடக்கியவர் சொன்னதில் ஒரு சின்ன விஷயத்தை ஒப்புக்கொண்டு, பெரிய விஷயத்தைத் தொடாமல் நகருங்கள். "நீ சொல்றதும் நியாயந்தான் மாப்ளே. ரெண்டு பூனைன்னு சொன்னேன், ஒண்ணுதான்." அல்லது ஆதாரத்தைக் கேட்பார் என்று முன்பே யோசித்து அதை அழித்து வையுங்கள். ரோட்டில் தேய்ந்த வால் அதற்குத்தான் இருக்கிறது. மீன் ஏன் சின்னதாக இருந்தது என்று வீட்டு ஆட்கள் கேட்டாலும் பதில் தயார்.

மடக்குகிறவரும் புளுகுகிறவராக இருந்தால் பேரம் பேசலாம். இதற்கும் பழைய துணுக்கு ஒன்று உண்டு. ஒருவன் பெரிய மீன் பிடித்ததாகச் சொல்கிறான். இன்னொருவன், தன் தூண்டிலில் கவிழ்ந்த படகின் அரிக்கேன் விளக்கு மாட்டியது, மேலே இழுத்துப் பார்த்தால் எரிந்துகொண்டிருந்தது என்கிறான். முதலாமவன் குதிக்கிறான். இரண்டாமவன் நிதானமாக, "நீ மீன்ல ரெண்டு முழம் குறைச்சுக்க, நான் விளக்கை அணைச்சிடறேன்" என்கிறான். இருவருமே புளுகு என்று ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துடுது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் சிரித்த கணத்தில் கேட்பவருக்குச் செய்தி போய்விடுகிறது, சந்தேகப்படும் வேலை அவருக்கு மிச்சமாகிவிடுகிறது. முகம் ரேஷன் கடையில் அளவு குறைந்ததைப் பற்றிப் பேசுகிற முகமாக இருக்க வேண்டும். லேசான வருத்தம் இன்னும் நல்லது: பாவம், அந்த வால் தேய்ந்து போயிற்றே.

சிரிப்பு முட்டினால் ஒரு வாய் டீ குடியுங்கள். அந்த இடைவெளி அடுத்த படிக்கும் உதவும்.

இதையே எழுதிப் போட்டா சப்புன்னு இருக்கு. ஏன்?

எழுத்தில் கையும் முகமும் கிடையாது. அந்த இரண்டின் வேலையையும் துல்லியம் செய்ய வேண்டும். "பயங்கரப் பெருசு", "வேற லெவல்" போன்ற சொற்கள் படியே ஆகாது, அவற்றுக்கு அளவு இல்லை. "ஒரு சாண் தண்ணி இறங்கிச்சு" என்பது படி. ஆச்சரியக்குறியும் சிரிக்கும் பொம்மையும் போட்டால் முந்தைய பதிலில் சொன்ன அதே தவறுதான் நடக்கிறது, எழுதுகிறவர் முதலில் சிரித்துவிடுகிறார்.

நேரில் ஒரு மாதம் எடுத்துக்கொண்ட ஏற்றத்தை எழுத்தில் ஒரே பக்கத்தில் செய்ய வேண்டும். அதனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் சும்மா ஒரு நிஜ வாக்கியம் வையுங்கள்: வெயில் எப்படி இருந்தது, தவளையை எங்கே பிடித்தது. படிக்கிறவர் அங்கே மூச்சு விட்டுக்கொள்வார்.

பள்ளிக்கூடத்துல படிச்ச உயர்வு நவிற்சி அணிதானே இது?

உறவுக்காரர்கள்தான். அணியில் மிகைப்படுத்தல் ஒரே பாட்டில், ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைப் பார்த்து வியக்க வேண்டும். புளுகுக் கதையில் உயரத்துக்குப் போன வழியைக் காட்ட வேண்டும். மலையை அண்ணாந்து பார்ப்பது ஒன்று, ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் ஏறுவதைப் பார்ப்பது இன்னொன்று.

நிஜமாவே நம்பிட்டாங்கன்னா?

இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். தண்ணீர் இறங்கியதையும் நம்பினால் அடுத்த ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் போங்கள். அதையும் நம்புகிறவரிடம் உண்மையைச் சொல்லி நிறுத்திவிடுவதுதான் மரியாதை. பணம், நோய், சாவு, போலீஸ் இந்த நான்கிலும் இந்த வேலையே வேண்டாம். அங்கே இரண்டாவது படியிலேயே ஆட்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

மேல ஏத்துறது மட்டுந்தானா? கீழ இறக்கியும் சிரிக்க வைக்கலாமா?

நன்றாக ஏறிய கதைக்கு அதுவே நல்ல முடிவு. அதற்கு ஒரு காரணம் மட்டும் வேண்டும், அது கேட்பவருக்குச் சட்டென்று புரிய வேண்டும். நம் விராலுக்குக் காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஊர்க் குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவர். மடை வரைக்கும் கதை போயிருக்கும்போது அவர் டீக்கடைக்குள் வந்து உட்காருகிறார். ஏறியதற்கு ஒரு மாதம் ஆனது, இறங்கச் சில வரிகள் போதும். இறக்கம் எப்போதும் வேகமாக இருக்க வேண்டும்.

"என்னப்பா, நம்ம குளத்துல பெரிய விரால் பிடிச்சியாமே?"

"பெருசெல்லாம் இல்லீங்க, ஒரு முழம் இருக்கும்."

"ஒரு முழமா?"

"முழம்னா, சாண்தாங்க. விரால்கூட இல்லை, கெண்டைக் குஞ்சு."

"அதுவும் குத்தகை மீன்தானேப்பா?"

"தூண்டிலே போடலீங்க. கால் கழுவத்தான் போனேன்."